மார்க்கா, மார்க்ஸா?

பைத்தான் கற்றுத்தரும் வீடியோக்களில் முதல் சில பாடங்களுக்குள் வந்துவிடும் சின்ன நிரல் இது. மூன்று பாடங்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி கண்டுபிடிக்கிறது.

```python
marks = [72, 85, 65]
total = 0
for mark in marks:
    total = total + mark
print(total / len(marks))
```

இயக்கினால் திரையில் `74.0` என்று வரும். தமிழில் விளக்கும் ஒரு வீடியோவைக் கேட்டபடி, பக்கத்தில் தன் கணினியிலும் இதைத் தட்டிக்கொண்டு வரும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிக்கு வந்ததும் குரல் வேகமாகச் சொல்கிறது: “ஃபார் மார்க் இன் மார்க்ஸ்.” அவள் காதில் இரண்டும் ஒரே சொல்லாக விழுகின்றன. முதல் வரியில் `marks` என்று அடித்தது நினைவிருக்கிறது. அதையே இரண்டு இடத்திலும் அடித்துவிடுகிறாள்.

```python
for marks in marks:
    total = total + marks
```

பைத்தான் இந்த இரண்டு வரிகளிலும் எந்தப் பிழையும் காட்டாது. கூட்டலும் சரியாகவே நடக்கும், `total` 222 ஆகிவிடும். சுற்று தொடங்கும்போதே பைத்தான் அந்த லிஸ்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதன் பிறகு `marks` என்ற பெயர் வேறொன்றைக் குறித்தாலும் அதற்குக் கவலையில்லை, ஒவ்வொரு மதிப்பாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே போகும். ஆனால் சுற்று முடியும்போது `marks` என்ற பெயரில் லிஸ்ட் இருக்காது. கடைசியாக எடுத்த 65 என்ற ஒற்றை எண்தான் இருக்கும். அடுத்த வரியில் அதன் நீளத்தைக் கேட்டதும் நிரல் நின்றுவிடுகிறது.

```
TypeError: object of type 'int' has no len()
```

பிழை ஐந்தாம் வரியில் என்று கணினி சொல்கிறது. மாணவி ஐந்தாம் வரியைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறது. தவறு நடந்த இடம் மூன்றாம் வரி. அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்ற வழியே இல்லை. ‘எனக்கு இது வராது’ என்று பலர் மூடிவைத்துவிடும் இடங்களில் இதுவும் ஒன்று.

இந்தத் தவறை நான் அந்த மாணவியின் கணக்கில் எழுத மாட்டேன். ‘மூணு மார்க் குறைஞ்சுபோச்சு’ என்றுதான் நாம் பேசுகிறோம், ‘மூணு மார்க்ஸ்’ என்று சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதி தமிழில் கட்டாயமில்லை. ‘பத்து புத்தகம் வாங்கினேன்’ என்றால் யாருக்கும் குழப்பம் வராது. ஆங்கிலம் கேட்டு வளர்ந்த காது அந்தக் கடைசி ‘ஸ்’ வருகிறதா என்று காத்திருக்கும். தமிழ்க் காதுக்கு அப்படிக் காத்திருக்க வேண்டிய தேவை ஏற்பட்டதேயில்லை. ஆங்கிலப் பாடத்தில் தெளிவைத் தரும் `mark`, `marks` என்ற ஜோடி, தமிழில் பேசத் தொடங்கியதும் பொறியாக மாறிவிடுகிறது.

தமிழில் பாடம் பதிவு செய்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு முன்பே, நிரலில் இருக்கும் பெயர்கள் காதுக்குத் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நிரல் உங்கள் கையில் இருந்தால் பெயரையே மாற்றிவிடுங்கள். `for m in marks` என்றோ, லிஸ்ட்டுக்கு `mark_list` என்றோ வைத்தால் சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

எல்லாருக்கும் அந்த வசதி இருக்காது. மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தொடங்கிய ‘ஸ்போக்கன் டுட்டோரியல்’ திட்டத்தில் பாடங்கள் ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம் ஓடும். முதலில் ஆங்கிலத்தில் பதிவாகி, பிறகு தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் மட்டும் மாற்றப்படுகிறது. திரையில் தெரிவது ஆங்கிலத்திலேயே இருக்கும். பின்னாளில் வேலைக்குப் போகும் இடத்திலும் மென்பொருள் ஆங்கிலத்தில்தானே இருக்கும் என்பது அதற்கான காரணம். குரல் கொடுப்பவரிடம் இருக்கும் பிரதியில் ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் பேச வேண்டிய வாக்கியம். திரையில் `mark` என்று இருந்தால் அவரால் அதை `m` ஆக்க முடியாது. அங்கே ஒரே வழி, முதல் முறை வரும்போது நின்று சொல்வதுதான்: “`marks`, கடைசியில எஸ் இருக்கு, அது முழு லிஸ்ட். `mark`, எஸ் இல்லை, அது லிஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரே ஒரு மதிப்பெண்.” இதற்குச் சில நொடிகள் கூடுதலாகப் பிடிக்கும். வேறு எந்த வாக்கியத்தையாவது சுருக்கி அந்த நொடிகளைத் தேடிக்கொள்ளலாம்.

எந்தச் சொல்லை ஆங்கிலத்தில் விடுவது, எதைத் தமிழில் சொல்வது என்ற பழைய கேள்விக்கும் இந்த நிரலிலேயே விடை இருக்கிறது. விசைப்பலகையில் அடிக்க வேண்டியது எதுவோ, திரையில் படிக்க வேண்டியது எதுவோ, அது ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். `for`, `print`, `len`, `total` எல்லாம் அந்த வகை. அவற்றுக்கு இடையே என்ன நடக்கிறது, எது எதற்குப் பிறகு, ஏன் என்பதெல்லாம் நல்ல பேச்சுத் தமிழில் வர வேண்டும். பல வீடியோக்களில் இது தலைகீழாக இருக்கிறது. “சோ நம்ம இப்ப லிஸ்ட்டை இட்டரேட் பண்ணி ஈச் எலிமெண்ட்டையும் ஆக்சஸ் பண்ணி ஆட் பண்றோம்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இதில் மாணவி அடிக்க வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. அத்தனை ஆங்கிலமும் விளக்கத்துக்குள் புகுந்த ஆங்கிலம். “லிஸ்ட்டில இருக்கிற மதிப்பெண்களை ஒவ்வொண்ணா எடுத்துக் கூட்டிக்கிட்டே போறோம்” என்றால் அதே வேலை முடிந்தது.

வேரியபிள், லூப், ஃபங்ஷன் போன்றவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சொற்கள். நிரலில் அடிப்பதில்லை, ஆனால் புத்தகத்திலும் நேர்காணலிலும் அந்தப் பெயர்தான் வரும். தமிழ்நாட்டில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் படித்த பிள்ளைகளுக்கு மாறி, மடக்கு, செயற்கூறு என்ற பெயர்கள் ஏற்கெனவே அறிமுகம். அந்தப் பாடத்தில் பைத்தானும் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு பாலம் போட்டால் போதும்: “பாடப்புத்தகத்தில மடக்குன்னு படிச்சீங்களே, அதைத்தான் இங்க லூப்னு சொல்லப்போறோம்.” அதன் பிறகு கடைசி வரை லூப் என்றே சொல்ல வேண்டும். ஒரு தடவை லூப், ஒரு தடவை மடக்கு, இன்னொரு தடவை சுழற்சி என்று மாற்றி மாற்றிச் சொன்னால் கட்டுரையில் அழகாக இருக்கலாம். பாடத்தில் அது மூன்று தனித்தனி விஷயங்கள் இருப்பதாக எண்ண வைத்துவிடும்.

இனி வருவதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். பாடம் எடுப்பவர்கள் அதிகம் பேசாத இடமும் இதுதான்.

தமிழில் பெயர்ச்சொல் சும்மா நிற்காது. ஐ, இல், ஓடு, க்கு என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலச் சொல் வந்தாலும் நாம் விடுவதில்லை. பஸ்ஸை, பஸ்ஸில், பஸ்ஸுக்கு என்று இயல்பாகச் சொல்கிறோம். ‘பஸ்’ நமக்குத் தெரிந்த சொல் என்பதால் அது எங்கே முடிகிறது, விகுதி எங்கே தொடங்குகிறது என்று காது தானே பிரித்துக்கொள்கிறது. `len` என்பதை இதற்கு முன் கேட்டேயிராத ஒருவரிடம் “லென்னை யூஸ் பண்ணணும்” என்றால் அவர் எதை அடிப்பார்? அவருடைய காதில் விழுந்தது ‘லென்னை’. “டோட்டல்ல வைக்கிறோம்” என்றால் `total` என்ற பெயர் எந்த எழுத்தோடு முடிகிறது? போதாததற்கு, மெய்யில் முடியும் சொல்லோடு ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்வதும் நம் வழக்கம். `print` ‘பிரிண்ட்டு’ ஆகிறது, `list` ‘லிஸ்ட்டு’ ஆகிறது. ஏற்கெனவே அறிந்தவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. புதிதாகக் கேட்பவருக்குப் பெயரின் எல்லையே அழிந்துபோகிறது.

இதற்கு எளிய வழி இருக்கிறது. அடிக்க வேண்டிய பெயருக்குப் பின்னால் அது என்ன வகை என்று சொல்லும் ஒரு சொல்லை வைத்து, விகுதியை அந்தச் சொல்லோடு ஒட்ட வேண்டும். “`total` என்கிற வேரியபிள்ல வைக்கிறோம்.” “`len` என்கிற ஃபங்ஷனைக் கூப்பிடுறோம்.” “`marks` என்கிற லிஸ்ட்டிலிருந்து எடுக்கிறோம்.” இப்போது `total`, `len`, `marks` மூன்றும் எதுவும் ஒட்டாமல் சுத்தமாகக் காதில் விழுகின்றன. கூடவே, இது வேரியபிள், அது ஃபங்ஷன் என்ற தகவலும் ஒவ்வொரு முறையும் சொல்லாமலே மனதில் ஏறுகிறது. ‘என்கிற’ என்பதற்கு முன்னால் அரை நொடி நிறுத்தினால் இன்னும் நல்லது. பாடம் பாதியைத் தாண்டி, பெயர்கள் பழகிய பிறகு “`total`ல” என்று சுருக்கிக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே சுருக்கக் கூடாது.

அடுத்தது சொல் வரிசை. நிரல் இடமிருந்து வலமாக அடிக்கப்படுகிறது. தமிழ் வாக்கியம் அந்த வரிசையில் ஓடுவதில்லை. இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்.

```python
if mark >= 35:
    print("Pass")
```

நிபந்தனைச் சொல் நிரலில் முதலிலேயே வந்துவிடுகிறது. தமிழில் ‘இருந்தா’ என்று வினையின் வாலில்தான் வரும். அடித்துக்கொண்டே விளக்குபவர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைக்கப் பார்க்கிறார்: “இஃப் மார்க் முப்பத்தஞ்சோ அதுக்கு மேலயோ இருந்தா பாஸ்னு பிரிண்ட் பண்ணணும்.” இதில் நிபந்தனை இரண்டு தடவை வந்துவிட்டது, ‘இஃப்’ ஒன்று, ‘இருந்தா’ ஒன்று. அதைவிட மோசமானது, சமம் என்பது முதலிலும் பெரியது என்பது பின்னாலும் வந்திருக்கிறது. கேட்டபடியே அடிப்பவரின் விரல் `=>` என்று போகும். பைத்தான் அதை ஏற்காது, `SyntaxError` என்று நின்றுவிடும்.

அர்த்தம் சொல்வதையும் அடிக்கச் சொல்வதையும் பிரித்துவிடுவதுதான் தீர்வு. கை விசைப்பலகைக்குப் போகும் முன் முழு அர்த்தத்தையும் தமிழில் சொல்லிவிட வேண்டும்: “மதிப்பெண் முப்பத்தஞ்சோ அதுக்கு மேலயோ இருந்தா, பாஸ்னு திரையில காட்டணும்.” ஒரு நிறுத்தம். பிறகு அடிக்கும்போது இடமிருந்து வலமாக, திரையில் எழுத்து விழும் அதே வேகத்தில்: “`if`, இடைவெளி, `mark`, இடைவெளி, பெரியது குறி, அதை ஒட்டி சமக்குறி, இடைவெளி, முப்பத்தஞ்சு, கடைசியில கோலன்.” இந்தப் பகுதியில் தமிழ் வினைச்சொல்லே வேண்டாம். என்டர் தட்டியதும் இன்னொரு வாக்கியம்: “அடுத்த வரி தானா உள்ள தள்ளி நிக்குது பாருங்க, நிபந்தனை சரியா இருந்தா மட்டும் நடக்க வேண்டியதை அங்கதான் எழுதணும்.” கேட்பவருக்கு இப்போது எந்த வாக்கியம் புரிந்துகொள்வதற்கு, எது விரலுக்கு என்பதில் குழப்பமே இருக்காது.

தமிழ் வரிசை எல்லா இடத்திலும் இடைஞ்சல் என்று நினைத்துவிட வேண்டாம். ஓரிடத்தில் அது ஆங்கிலத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. `total = total + mark` என்ற வரியை ஆங்கிலத்தில் வாசித்தால் ‘டோட்டல் ஈக்வல் டு டோட்டல் பிளஸ் மார்க்’ என்று வரும். பள்ளிக் கணக்கு படித்த யாரும் இதைக் கேட்டுத் திகைப்பார்கள். ஓர் எண்ணோடு இன்னோர் எண்ணைக் கூட்டியது எப்படி முதல் எண்ணுக்கே சமமாகும்? அதையே தமிழில் இயல்பாகச் சொல்லிப் பாருங்கள்: “`total` என்கிற வேரியபிள்ல இப்ப இருக்கிறதோட `mark` என்கிற வேரியபிள்ல இருக்கிறதைக் கூட்டி, வர்ற விடையைத் திரும்ப `total` என்கிற வேரியபிள்லயே வை.” கூட்டுவது முதலில், வைப்பது கடைசியில். கணினியும் அதே வரிசையில்தான் செய்கிறது. சமக்குறிக்கு வலப்பக்கம் இருப்பதை முதலில் கணக்கிட்டு, கிடைத்ததை இடப்பக்கத்துப் பெயரில் வைக்கிறது. சமக்குறியை ‘சமம்’ என்று சொல்லாமல் ‘வை’ என்ற வினையாகச் சொல்ல தமிழ் வாக்கியம் தானாகவே இடம் கொடுக்கிறது. கூடவே ஒரு சுற்று ஓட்டிக் காட்டலாம். தொடக்கத்தில் 0. 72-ஐக் கூட்டி வைத்தால் 72. 85-ஐக் கூட்டி வைத்தால் 157. 65-ஐக் கூட்டி வைத்தால் 222. இதைக் கேட்டவர் அந்த வரியை மறக்க மாட்டார்.

ஏற்கெனவே நம் பேச்சில் வேறு பொருளோடு புழங்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதுச் சொல்லைவிட இவைதான் அதிகம் ஏமாற்றும், ஏனென்றால் கேட்பவர் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். ‘ஃபங்ஷன்’ என்றால் நம் வீடுகளில் காதுகுத்து, வளைகாப்பு. அதுவாவது முதல் நாளிலேயே தெளிந்துவிடும். நீண்ட நாள் தொல்லை கொடுப்பது `return`.

```python
def add(a, b):
    return a + b

add(72, 85)
```

“இந்த ஃபங்ஷன் ஆன்சரை ரிட்டர்ன் பண்ணும்” என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். விடையைத் திருப்பித் தரும் என்றால் தனக்குத்தானே தரும், அதாவது திரையில் தெரியும் என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். கோப்பை இயக்குகிறார். திரையில் ஒன்றுமே வராது, பிழைச்செய்தியும் வராது. இங்கே சொல்ல வேண்டியது, விடை யாரிடம் போகிறது என்பதை: “இந்த ஃபங்ஷனை எந்த இடத்திலிருந்து கூப்பிட்டோமோ, விடை அந்த இடத்துக்கே போய்ச் சேரும். திரையில தானா தெரியாது. தெரியணும்னா `print` என்கிற ஃபங்ஷன்கிட்ட அதைக் கொடுக்கணும்.” சொன்ன கையோடு கடைசி வரியை `print(add(72, 85))` என்று மாற்றி, 157 வருவதையும் காட்டிவிட வேண்டும். முதலில் ஒன்றும் வராமல் ஓட்டிக் காட்டிவிட்டுப் பிறகு மாற்றினால் இன்னும் ஆழமாகப் பதியும்.

பிழைச்செய்திகளையும் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் நிரலாக்கம் கற்பதைப் பற்றி ஃபிலிப் குவோ என்ற ஆய்வாளர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 86 நாடுகளைச் சேர்ந்த 840 பேரின் பதில்கள் இருந்தன. பாட நூல்களைப் படிப்பது, நிரலைப் படிப்பதும் எழுதுவதும், ஆங்கிலத்தையும் நிரலாக்கத்தையும் ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருப்பது எல்லாமே தடையாக அவர்களுக்கு இருந்தன. வீடியோவில் எல்லாம் சரியாக ஓடிவிட்டால், தன் திரையில் ஒரு சிவப்பு வரி வந்ததும் கேட்பவர் தனியாக நிற்பார். முன்பு பார்த்த பிழைச்செய்தியையே எடுத்து, கடைசி வரியை மட்டும் துண்டு துண்டாகப் படித்துக் காட்டலாம்: “`TypeError`, அதாவது தப்பான வகை. `int`, ஒரு முழு எண். `has no len()`, அதுக்கு நீளம் கிடையாது. லிஸ்ட்டுக்குத்தானே நீளம் கேட்டோம், எண்ணுன்னு ஏன் சொல்லுது? அப்படின்னா `marks` என்கிற பெயர்ல இப்ப லிஸ்ட் இல்லை. மேல எங்கயோ அது மாறியிருக்கு.” பெயர் எந்தெந்த வரியில் வருகிறது என்று மேல்நோக்கித் தேடிக்கொண்டு போனால் மூன்றாம் வரி தானே கண்ணில் படும்.

பதிவு முடிந்த பிறகு ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்வேன். பைத்தான் தெரியாத ஒருவரைத் திரையைப் பார்க்கவிடாமல் ஒலியை மட்டும் கேட்டு அடிக்கச் சொல்லுங்கள். அவர் அடித்ததை உங்கள் நிரலோடு ஒப்பிடுங்கள். வேறுபாடுகள் கண்ட இடத்தில் சிதறிக் கிடக்காது, சில இடங்களில்தான் குவியும். விட்டுப்போன எஸ் ஒன்று. வரியின் கடைசியில் கோலன். பெயருக்கு நடுவில் அடிக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி. `total` என்பதற்குப் பதில் `Total`, ஏனென்றால் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று குரலில் கேட்காது, பைத்தானுக்கோ இரண்டும் வேறு வேறு பெயர். “பெயர்கள் எல்லாமே சின்ன எழுத்துதான்” என்று தொடக்கத்தில் ஒரு முறை சொல்லியிருந்தால் கடைசியில் சொன்ன வேறுபாடு வந்திருக்காது. மற்றவற்றுக்கு முழுப் பாடத்தையும் திரும்பப் பேச வேண்டியதில்லை. தவறு குவிந்த வரியை மட்டும் புதிதாகப் பதிவு செய்து, பழைய ஒலியில் அந்த இடத்தில் வைத்துவிட்டு, இதைக் கேட்டிராத இன்னொருவரிடம் கொடுங்கள்.